உஷார்! போட்ட முதலுக்கு 24 சதவீதமா? மூன்றாக உடைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

"பார்ட்னரா வாங்கண்ணா. போட்ட முதலுக்கு வருஷம் 24 பர்சென்ட். மூணு வருஷமா குறையவே இல்லைங்க, ஆடிட்டர் ரிப்போர்ட்டே இருக்கு."

திருப்பூரில் இப்படி ஒரு அழைப்பு வந்தால், சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நினைத்து உஷாராக இருக்கச் சொல்லவில்லை. அவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆடிட்டர் கையெழுத்தும் உண்மை, 24 சதவீதமும் உண்மை, மூன்று வருஷமாகக் குறையாததும் உண்மை. அப்படி இருந்தும் அந்தக் கம்பெனி அடுத்த ஆர்டர் சீசனைத் தாண்டாமல் போகலாம். ஆபத்தே இங்கேதான் இருக்கிறது. பொய்க்கணக்கை எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம். உண்மைக் கணக்கே ஏமாற்றும்போது, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதவர் தப்பிக்க முடியாது.

முதலுக்கான லாப விகிதம் என்பது எளிய கணக்கு. வருஷ நிகர லாபத்தை, முதலாளிகள் போட்டிருக்கும் சொந்த முதலால் வகுத்தால் வருவது. ஐந்து கோடி முதல் போட்டு 1.20 கோடி லாபம் வந்தால் 24 சதவீதம். இந்த ஒற்றை எண் லாபம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். எந்த வழியில் வந்தது என்று சொல்லாது.

வழி மூன்றுதான். நூறு ரூபாய்க்கு விற்றால் கையில் எவ்வளவு நிற்கிறது என்பது ஒன்று. அது லாப வீதம். கம்பெனியில் முடங்கியிருக்கும் மொத்தச் சொத்தை (இயந்திரம், நூல், துணி, வரவேண்டிய பணம் எல்லாம் சேர்த்து) வருஷத்தில் எத்தனை முறை சுழற்றி விற்பனையாக்குகிறார்கள் என்பது இரண்டாவது. அது சொத்துச் சுழற்சி. அந்தச் சொத்து, சொந்த முதலைப் போல எத்தனை மடங்கு என்பது மூன்றாவது. அது கடன் மடங்கு. முதல் ஐந்து, சொத்து இருபது என்றால் நான்கு மடங்கு. மீதிப் பதினைந்தும் அடுத்தவர் பணம். மூன்றையும் பெருக்கினால் முதலுக்கான லாப விகிதம் வந்துவிடும்.

லாப வீதம் × சொத்துச் சுழற்சி × கடன் மடங்கு = முதலுக்கான லாப விகிதம்

இதற்கு டூபான் கணக்கு என்று பெயர். 1910களில் அமெரிக்காவின் டூபான் ரசாயனக் கம்பெனியில் நிதிப் பிரிவில் இருந்த டொனால்ட்சன் பிரவுன், லாப வீதத்தையும் சுழற்சியையும் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். பின்னால் ஜெனரல் மோட்டார்ஸிலும் அதைப் புகுத்தினார். கடன் மடங்கு என்ற மூன்றாவது பகுதி பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நமக்கு இப்போது அதிகம் தேவைப்படுவது அந்த மூன்றாவதுதான்.

இரண்டு பனியன் கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. எண்களும் எளிதாகக் கணக்குப் போட வசதியாக ரவுண்டாக இருக்கின்றன. இரண்டிலும் சொந்த முதல் 5 கோடி. இரண்டிலும் வருஷ லாபம் 1.20 கோடி. வரியை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிடலாம்.

முதல் கம்பெனியின் விற்பனை 20 கோடி, சொத்து 10 கோடி. லாப வீதம் 6 சதவீதம், சுழற்சி 2, கடன் மடங்கு 2. பெருக்கினால் 24.

இரண்டாவது கம்பெனியின் விற்பனை 40 கோடி, சொத்து 20 கோடி. லாப வீதம் 3 சதவீதம், சுழற்சி 2, கடன் மடங்கு 4. பெருக்கினால் அதே 24.

ஊர்க்கண்ணுக்கு இரண்டாவதுதான் பெரிய கம்பெனி. இரண்டு மடங்கு ஷிப்மென்ட், வாசலில் எப்போதும் வேன், புதிய பில்டிங், ஷிஃப்ட் முடிந்தால் தெரு நிறைய ஆட்கள். லாப விகிதம் வேறு சமமாக இருப்பதால், பெரியதையே தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் மனசு சொல்லும். ஆனால் இரண்டு மடங்கு வியாபாரம் செய்தும் அதே 1.20 கோடிதான் நிற்கிறது என்றால், கூடுதலாகச் செய்த 20 கோடி வியாபாரம் முதலாளிக்கு ஒரு பைசா தரவில்லை. வங்கிக்கு வட்டி தந்தது, நூல் மில்லுக்கு வியாபாரம் தந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு அடி விழட்டும். முதல் கம்பெனிக்கு வங்கிக் கடன் 3 கோடி, நூல்காரருக்கும் ஜாப் ஒர்க்காரர்களுக்கும் தரவேண்டியது 2 கோடி. இரண்டாவதுக்கு வங்கிக் கடன் 10 கோடி, வெளிப்பாக்கி 5 கோடி. வட்டி 10 சதவீதம் என்றால் முதல் கம்பெனி 30 லட்சமும் இரண்டாவது ஒரு கோடியும் வட்டி கட்டுகின்றன. அது போகத்தான் இருவருக்கும் 1.20 கோடி நின்றது. நூல் விலை ஏறுகிறது. ஆர்டர் பழைய விலைக்கு ஒப்புக்கொண்டது. நூறு ரூபாய் விற்பனையில் மூன்று ரூபாய் கரைந்துபோகிறது. முதல் கம்பெனிக்கு 60 லட்சம் போய், 60 லட்சம் மிஞ்சும். முதலுக்கு 12 சதவீதம். வலிக்கும், ஆனால் நிற்கும். இரண்டாவதுக்கு 40 கோடியில் மூன்று சதவீதம், அதாவது 1.20 கோடி போகிறது. மிச்சம் பூஜ்யம். இன்னும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கரைந்தால் முதல் கம்பெனி 40 லட்சம் லாபத்தில் இருக்கும், இரண்டாவது 40 லட்சம் நஷ்டத்தில் இருக்கும். நேற்றுவரை இரண்டுக்கும் ஒரே 24!

நூறுக்கு மூன்று ரூபாய் என்பது பயமுறுத்தச் சொன்ன எண் இல்லை. 2021-22இல் நூல் விலை மாதாமாதம் ஏறியதையும், அதை எதிர்த்து 2022 மே 16, 17 தேதிகளில் திருப்பூரே இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்ததையும் இந்த ஊர் மறக்கவில்லை. மே மாதம் ஒரே தாவலில் கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றினார்கள். ஒரு கிலோ நூல் 400 ரூபாய் விற்ற காலம் என்று வைத்தாலும் அது பத்து சதவீதம். உடுப்பின் அடக்க விலையில் நூல்தான் பெரிய பங்கு. விற்பனை விலையில் மூன்று ரூபாய் கரைய இதுவே போதும். பிறகு 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. வரி கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர்தான். ஆனால் "பாதியை நீங்க ஏத்துக்கோங்க, இல்லேன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போகும்" என்று பையர் கேட்கும்போது அது இங்கே லாப வீதத்தில்தான் வந்து உட்காரும். மூன்று சதவீத லாப வீதத்தில் ஓடுகிற கம்பெனிக்குப் பேரம் பேசவே இடம் இல்லை.

இதைவிட மோசமான அடி ஒன்று உண்டு. அதை முதலுக்கான லாப விகிதம் அநேகமாகக் காட்டாது. இந்தக் கட்டுரையில் ஒரு இடத்தைத்தான் இரண்டு முறை படிப்பீர்கள் என்றால், இந்த இடத்தைப் படியுங்கள்.

பையர் பணம் 45 நாள் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை அப்படியே இருக்கிறது, விலையும் அப்படியே. 40 கோடி விற்பனையில் 45 நாள் என்றால் ஏறத்தாழ 5 கோடி கூடுதலாக வெளியே முடங்கும். அது புத்தகத்தில் 'வரவேண்டிய பணம்' என்று சொத்தாகத்தான் ஏறும். சொத்து 20லிருந்து 25 கோடியாகும். சுழற்சி 2லிருந்து 1.6 ஆகக் குறையும். அந்த 5 கோடியை வங்கி கொடுத்தால் கடன் மடங்கு 4லிருந்து 5 ஆகும். பெருக்கிப் பாருங்கள். 2 × 4 = 8. 1.6 × 5 = 8. ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பெருக்குத்தொகை அசையவே இல்லை. கூடுதல் வட்டி 50 லட்சம் மட்டும்தான் லாபத்தில் தெரியும். அதனால் லாபம் 70 லட்சமாகி, விகிதம் 14 ஆகிறது. "இந்த வருஷம் கொஞ்சம் டல்லுங்க, 14 பர்சென்ட்தான்" என்பார்கள். 14 ஒன்றும் கெட்ட எண் இல்லையே என்று நீங்களும் தலையாட்டுவீர்கள். உள்ளே ஒரு ரூபாய் முதலுக்கு நான்கு ரூபாய் வெளிப்பணம் ஏறி உட்கார்ந்திருப்பது அந்தப் 14இல் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

அந்த 5 கோடியை வங்கி தர மறுத்தால்? சி.சி. லிமிட் ஏற்கெனவே முழுசாக எடுத்தாகிவிட்டது என்றால்? அப்போது நிட்டிங்காரரும் காம்பாக்டிங்காரரும் பவர்டேபிள்காரரும்தான் அந்த வங்கி. "பையர் பணம் வரல, வந்ததும் தர்றேன்" என்று அவர் சொல்லும்போது, ஜாப் ஒர்க் செய்யும் நீங்கள் அந்த முதலாளியின் கடன் மடங்கை உங்கள் கைக்காசில் ஏற்றுகிறீர்கள். ஆகவே இது பார்ட்னராகப் போகிறவருக்கு மட்டும் எழுதியது இல்லை. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு செய்த அத்தகைய தொழிலுக்கு உரிய காலத்தில் தராத பாக்கியை, தந்து முடிக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டமுடியாது என்பது 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. உதயம் பதிவு இல்லாமல் ஜாப் ஒர்க் செய்பவர் இந்த ஆயுதத்தைக் கையில் எடுக்காமலேயே நிற்கிறார்.

பார்ட்னராகப் போகிறவருக்கு வேறு ஒரு பயம். லிமிடெட் கம்பெனியில் பங்கு வாங்கினால் அதிகபட்சம் போட்ட பணம் போகும். பார்ட்னர்ஷிப் அப்படி இல்லை. 1932ஆம் வருஷச் சட்டப்படி, நீங்கள் பார்ட்னராக இருக்கும் காலத்தில் கம்பெனி ஏற்கும் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு பார்ட்னரும் தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பு. பத்து சதவீதம்தான் பங்கு என்பது உங்களுக்குள் லாபம் பிரிக்க. கடன்காரருக்கு அந்தச் சதவீதம் ஒரு பொருட்டில்லை. உங்கள் வீட்டைத் தேடி வரலாம். "நான் சேர்வதற்கு முன் வாங்கிய கடன் ஆச்சே" என்றால், சட்டப்படி அதற்குப் பொறுப்பில்லை என்பது சரிதான். ஆனால் சேர்ந்த அடுத்த மாதமே லிமிட் ரெனியூவல் என்று வங்கியிலிருந்து பேப்பர் வரும். அதில் எல்லாப் பார்ட்னரும் கையெழுத்துப் போடவேண்டும், தனிப்பட்ட ஜாமீனும் தரவேண்டும். போட்ட நிமிஷத்தில் பழைய கடனும் உங்கள் கடன். கடன் மடங்கு 2 உள்ள இடத்தில் அந்தக் கையெழுத்துக்கும், 4 உள்ள இடத்தில் அதே கையெழுத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசியுங்கள். 24 சதவீதத்தைக் காட்டியவர் அந்தக் கையெழுத்தின் விலையைச் சொல்லியிருக்க மாட்டார்.

"மூணு வருஷமா குறையவே இல்லை" என்றாரே, அதையும் பார்த்துவிடலாம். நம் இரண்டாவது கம்பெனி இரண்டு வருஷம் முன்னால் எப்படி இருந்தது என்று பழைய பேலன்ஸ் ஷீட்டை எடுத்தால் இப்படி இருக்கலாம். முதல் வருஷம்: விற்பனை 20, சொத்து 10, லாபம் 1.20. அப்போது 6 × 2 × 2. இரண்டாம் வருஷம்: விற்பனை 30, சொத்து 15, லாபம் அதே 1.20. அப்போது 4 × 2 × 3. மூன்றாம் வருஷம் 3 × 2 × 4. மூன்று வருஷமும் 24, 24, 24. லாபத்தை முழுசாக வீட்டுச் செலவுக்கும் நிலம் வாங்கவும் எடுத்துவிட்டார்கள், அதனால் முதல் 5 கோடியிலேயே நிற்கிறது. கூடிய சொத்து அத்தனையும் கடனில் வந்தது. லாப வீதம் பாதியாகச் சரிந்ததை, கடன் மடங்கு 2லிருந்து 4 ஆக ஏறி மறைத்துவிட்டது. குறையாத 24தான் இங்கே முதல் அபாய மணி. என்னைக் கேட்டால், 24லிருந்து 19க்கு இறங்கி, கடன் மடங்கு 2இலேயே நிற்கும் கம்பெனியை இதைவிட அதிகம் நம்புவேன்.

இதனால் கடன் மடங்கு அதிகம் என்றாலே மோசம் என்று முடிவு கட்டவும் கூடாது. பங்குச்சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பின்னலாடைக் கம்பெனிகள் அதற்கு நல்ல சாட்சி. ஒன்று நம் பக்கத்து கே.பி.ஆர். மில், கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு நூற்பு, நிட்டிங், பதனிடல், கார்மென்ட் எல்லாம் ஒரே கூரைக்குள் செய்கிறது, சர்க்கரை ஆலையும் எத்தனாலும் உண்டு. இன்னொன்று பெங்களூரின் பேஜ் இண்டஸ்ட்ரீஸ். ஜாக்கி என்ற பெயரை உரிமம் பெற்று இந்தியாவில் விற்பது. 2023-24 கணக்கை ரவுண்டாக எடுத்துக்கொள்வோம். கே.பி.ஆர். விற்பனை 6,060 கோடி, லாபம் 805 கோடி. பேஜ் விற்பனை 4,570 கோடி, லாபம் 569 கோடி. லாப வீதம் முன்னதற்கு 13 சொச்சம், பின்னதற்கு 12 சொச்சம். கிட்டத்தட்ட சமம், ஒரு சிட்டிகை கே.பி.ஆருக்கே கூட. ஆனால் முதலுக்கான லாப விகிதம் கே.பி.ஆருக்கு 18-19, பேஜுக்கு 36 அளவில். பாதிக்குப் பாதி!

உடைத்தால்தான் காரணம் தெரியும். கே.பி.ஆரின் மொத்தச் சொத்து ஏறத்தாழ விற்பனை அளவுக்கே இருக்கிறது. சுழற்சி ஒன்றை ஒட்டி நிற்கும். கதிர்களும், காற்றாலையும், பதனிடும் ஆலையும், சர்க்கரை ஆலையும் சொந்தத்தில் வைத்திருப்பவருக்கு அப்படித்தான் இருக்கும். பேஜ் நூற்பாலை வைத்துக்கொள்ளவில்லை. தைத்து, பெயர் போட்டு, கடைக்கு அனுப்புவதில்தான் அதன் பலம். அதன் சுழற்சி 1.7 அளவில். கடன் மடங்கு கே.பி.ஆருக்கு 1.4 சொச்சம், பேஜுக்கு 1.7 அளவில், பேஜுக்குத்தான் கூட. ஆனால் பேஜின் அந்தக் கூடுதலுக்குக் காரணம் வங்கியில் வாங்கிய கடன் இல்லை. சப்ளையர்களுக்கு உரிய தவணையில் தரவேண்டிய பாக்கி, கட்டட வாடகை ஒப்பந்தங்கள், அதோடு லாபத்தின் பெரும்பகுதியை வருஷா வருஷம் டிவிடெண்டாகக் கொடுத்து முதலை ஒல்லியாக வைத்திருப்பது. வட்டி கட்டும் கடனும் வட்டியில்லாப் பாக்கியும் மூன்றாவது எண்ணில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே அந்த எண் பெரிதாக இருந்தால் பயப்படுவதற்கு முன், யாருடைய பணம், எப்போது திருப்பிக் கேட்பார், வட்டி எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. 36 என்பதைப் பார்த்து நாளைக் காலையில் பங்கு வாங்க ஓடாதீர்கள். அது கம்பெனிப் புத்தகத்தில் உள்ள முதலுக்கான விகிதம். சந்தையில் நீங்கள் கொடுப்பது புத்தக மதிப்பைப் போலப் பல மடங்கு விலை. உங்கள் பணத்துக்கு 36 வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சுழற்சி வேகம் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு புகழக் கூடாது. திருப்பூரில் ஜாப் ஒர்க்கிலேயே ஓடும் எக்ஸ்போர்ட் கம்பெனி உண்டு. நூல் வாங்கி, நிட்டிங்குக்குக் கொடுத்து, டையிங்குக்குக் கொடுத்து, தையலுக்குக் கொடுத்து, செக்கிங்கும் பேக்கிங்கும் மட்டும் சொந்த இடத்தில். இயந்திரம் எல்லாம் அடுத்தவர் கொட்டகையில் நிற்பதால் இவர் சுழற்சி 3, 4 என்று பறக்கும். சொந்த டையிங் வைத்திருப்பவரின் சுழற்சி பாதியாக இருக்கும். எது திறமை என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் நொய்யல் மாசு வழக்கில் சாய ஆலைகள் மூடப்பட்டபோது இரண்டு தரப்பினருமே அடிவாங்கினார்கள். டையிங் சொந்தமாக வைத்திருந்தவருக்கு ஆலை சும்மா கிடக்க, அதன் மேல் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடியது. விற்பனை நின்றால் லாப வீதமும் சுழற்சியும் ஒரே நாளில் போய்விடும், கடன் மடங்கு மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். ஜாப் ஒர்க்கை நம்பியவருக்கோ வட்டிச் சுமை இல்லை, ஆனால் சாயம் போட ஆள் இல்லை. வெளியூருக்குத் துணியை அனுப்பி ஷிப்மென்ட் தேதியைப் பிடிக்கப் போராடினார். அதனால் சுழற்சியை ஒப்பிடுவது என்றால் ஒரே மாதிரி நடத்துகிற இரண்டு கம்பெனிகளுக்குள் ஒப்பிடுங்கள்.

அடுத்து, இந்த மூன்று எண்களையும் எப்படி அழகுபடுத்துவார்கள் என்று பார்க்கலாம். சட்டவிரோதமாக எதுவும் செய்யத் தேவையில்லை, லேபிளை மாற்றினால் போதும். நம் முதல் கம்பெனியையே எடுங்கள். 5 கோடி முதலில் 2 கோடியை 'வீட்டார் கொடுத்த கடன்' என்று எழுதி 12 சதவீதம் வட்டி காட்டுங்கள். வட்டி 24 லட்சம், லாபம் 96 லட்சமாகக் குறையும். ஆனால் முதல் 3 கோடிதான். 96 லட்சத்தை 3 கோடியால் வகுத்தால் 32 சதவீதம். இயந்திரம் மாறவில்லை, ஆர்டர் மாறவில்லை, 24 என்பது 32 ஆகிவிட்டது. பேலன்ஸ் ஷீட்டில் 'அன்செக்யூர்டு லோன்' என்ற வரிக்குக் கீழே மனைவி, அம்மா, மச்சான் பெயர்கள் வரிசையாக இருந்தால் அந்தத் தொகையை முதலோடு சேர்த்து, அதற்குக் கட்டிய வட்டியை லாபத்தோடு சேர்த்து மறுபடி கணக்குப் போடுங்கள். பார்ட்னர்களின் முதலுக்குத் தரும் வட்டியும் சம்பளமும் இப்படித்தான். ஒரு கம்பெனி அவற்றைக் கழித்தபின் லாபம் காட்டும், இன்னொன்று கழிக்காமல் காட்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. சில சமயம் பேக்டரி நிற்கும் இடமே அண்ணன் பெயரில் இருக்கும், வாடகை பெயருக்கு ஆயிரம் ரூபாய் என்று எழுதியிருப்பார்கள். சந்தை வாடகையைப் போட்டுப் பார்த்தால் 6 சதவீத லாப வீதம் 4 ஆகிவிடலாம்.

எக்ஸ்போர்ட் கம்பெனி என்றால் பில் டிஸ்கவுன்ட்டை மட்டும் தனியாகக் கேளுங்கள். ஷிப்மென்ட் ஆனதும் பில்லை வங்கியிடம் கொடுத்துப் பணம் எடுத்திருப்பார்கள். அது வரவேண்டிய பணத்திலிருந்தும் கடனிலிருந்தும் மறைந்து, பின்பக்கக் குறிப்பில் 'தற்செயல் பொறுப்பு' என்ற ஒற்றை வரியாக இருக்கலாம். சொத்தும் குறைந்து தெரியும், கடனும் குறைந்து தெரியும். சுழற்சி கூடும், கடன் மடங்கு குறையும். பையர் பணம் தராவிட்டால் வங்கி திரும்பி வந்து கேட்பது இவரைத்தான். அந்த ஒற்றை வரித் தொகையைச் சொத்திலும் கடனிலும் மறுபடி கூட்டிவிட்டுக் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். மார்ச் 31 பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரலில் ஆர்டருக்காக நூல் குவியும் கம்பெனியில் மார்ச் கடைசி நாள் படம் எப்போதும் ஒல்லியாகத்தான் இருக்கும். வங்கிக்கு மாதாமாதம் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்கி, சராசரிச் சொத்தைப் பாருங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

கேட்கவேண்டியது பெரிய ஆவணம் இல்லை. மூன்று வருஷ லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், அதன் பின்பக்கக் குறிப்புகள், விற்பனையைச் சரிபார்க்க ஜி.எஸ்.டி. மாத ரிட்டர்ன். விற்பனையில் நூல் கைமாற்றி விற்றதும், அண்ணன் தம்பி கம்பெனிகளுக்குள் பில் போட்டதும் எவ்வளவு என்று தனியாகப் பிரியுங்கள். லாபமே இல்லாத அந்த விற்பனை சுழற்சியை மட்டும் ஊதிக் காட்டும். பிறகு ஒரு தாளில் மூன்று வருஷத்துக்கும் மூன்று எண்களை எழுதுங்கள். லாப வீதம் இறங்கி, கடன் மடங்கு ஏறி, பெருக்குத்தொகை மட்டும் அசையாமல் நின்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மூன்று ரூபாய் சோதனையையும் செய்யுங்கள்: விற்பனையில் மூன்று சதவீதத்தைக் கழித்தால் லாபம் மிஞ்சுகிறதா, 45 நாள் பாக்கி கூடினால் வட்டிக்குப் பணம் இருக்கிறதா. இரண்டையும் சேர்த்துப் போட்டால் நம் முதல் கம்பெனிக்கு 35 லட்சம் மிஞ்சும், இரண்டாவதுக்கு 50 லட்சம் நஷ்டம்.

பார்ட்னர்ஷிப் பத்திரத்திலோ வங்கி ஜாமீன் பேப்பரிலோ கையெழுத்துக் கேட்பவரிடம், இந்தக் கணக்கை உங்கள் சொந்த ஆடிட்டரிடம் காட்ட ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். மூன்று வருஷக் கணக்கைத் தராதவருக்கும், அந்த ஒரு வாரத்தைத் தராதவருக்கும் உங்கள் பணத்தைத் தராதீர்கள்.